முட்டிக்குக் கீழே புடைப்பு, 13 வயது வாலிபால் பையன்: ஆட விடலாமா, நிறுத்தணுமா?

வலையோரம் எழுதியது:

வணக்கம். என் மகனுக்கு 13 வயது. பள்ளி வாலிபால் அணியில் அட்டாக்கர். நாலைந்து மாதமாக இடது முட்டிக்குக் கீழே வலி. ஆரம்பத்தில் ஆட்டம் முடிந்த பிறகுதான் வலித்தது. இப்போது படி இறங்கும்போதும் வலிக்கிறது, மண்டி போட்டு உட்கார முடியவில்லை. முட்டிச்சில்லுக்கு இரண்டு விரல் கீழே எலும்பு கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்கிறது, அங்கே அழுத்தினால் துள்ளுகிறான். இந்த வருடம் நன்றாக உயர்ந்துவிட்டான், ஜூனில் தைத்த யூனிஃபார்ம் பேண்ட் இப்போதே கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது.

எக்ஸ்ரே எடுத்தோம். "எலும்பு முனை துண்டு துண்டாகத் தெரிகிறது" என்று ரிப்போர்ட்டில் இருந்ததைப் பார்த்து வீட்டில் எல்லோரும் பயந்துபோனோம். பார்த்த டாக்டர் மூன்று மாதம் எந்த விளையாட்டும் கூடாது, சைக்கிளும் வேண்டாம் என்றார். கோச்சோ, இது எல்லாப் பையன்களுக்கும் வருவதுதான், பட்டை போட்டுக்கொண்டு ஆடட்டும் என்கிறார். ஐந்து வாரத்தில் மண்டலப் போட்டி. பையன் ராத்திரி சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

கபடி மாஸ்டர் எழுதியது:

சார் பயப்படாதீங்க. எங்கிட்ட ஒவ்வொரு பேட்ச்லயும் ரெண்டு மூணு பசங்களுக்கு இது இருக்கும். எலும்பு வேகமா வளருது, தசை அந்த வேகத்துக்கு வளரல, அதான் இழுக்குது. பத்து நாள் முழு ரெஸ்ட். கால்சியம் மாத்திரை, பால், முட்டை. தொடைய நல்லா பின்னால மடக்கி ஸ்ட்ரெச் பண்ணச் சொல்லுங்க, வலிச்சாலும் விடக்கூடாது. முட்டிக்குக் கீழ கட்டுற பெல்ட் வாங்கிக் கொடுங்க. சரியாயிடும்.

பிசியோ தென்காசி எழுதியது:

நான் பள்ளி விளையாட்டு வீரர்களைப் பார்க்கும் பிசியோ. மாஸ்டர் சொன்னதில் முதல் பாதி சரி, மருந்துப் பாதியில் எனக்கு ஒப்புதல் இல்லை.

தொடையின் முன்தசை முழுக்க ஒரே தசைநாராகச் சேர்ந்து, முட்டிச்சில்லைக் கடந்து, கீழ்க்கால் எலும்பின் முன்பக்க மேட்டில் போய்ப் பிடிக்கிறது. பெரியவர்களுக்கு அந்த மேடு முழு எலும்பு. 13 வயதில் அது இன்னும் குருத்தெலும்பு வழியாகத்தான் கீழ்க்கால் எலும்போடு ஒட்டியிருக்கிறது. ஈர மண்ணில் அடித்த முளைக்குச்சியை மாடு தினமும் இழுத்தால் எப்படியோ, அப்படித்தான். ஒரே இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வராது. ஆனால் சுற்றியுள்ள மண் கலங்கும். ஓடும்போதும் குதிக்கும்போதும் விழும் இழுப்பு ஆறுவதற்குள் அடுத்தது விழுவதால்தான் வலியும் புடைப்பும். 1903ல் பாஸ்டனில் ஆஸ்குட், சூரிச்சில் ஷ்லாட்டர் என்று இருவர் தனித்தனியே எழுதிய இதற்கு அவர்கள் இருவர் பெயரும் சேர்ந்து நிலைத்துவிட்டது.

அந்த ரிப்போர்ட் வரியைப் பற்றி. அந்த மேடு வளரும்போது எலும்பு ஒரே இடத்தில் தொடங்கிப் பரவுவதில்லை, பல புள்ளிகளில் தோன்றிப் பிறகு ஒன்றுசேரும். வலியே இல்லாத பையன்களின் படத்திலும் துண்டு துண்டாகத் தெரியலாம். எலும்பு உடைந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. நோயைச் சொல்வது உங்கள் விரல்: அந்த ஒரே இடத்தில் அழுத்தினால் வலி, நீட்டும் காலைக் கையால் தடுத்தால் அதே இடத்தில் வலி.

கால்சியம் பற்றாக்குறையால் இது வருவதில்லை. பால், முட்டை கொடுங்கள், அவை பையனுக்கு நல்லது. முட்டிக்கு மருந்து என்று நினைத்துக் கொடுக்க வேண்டாம்.

எவ்வளவு குறைப்பது என்று சொல்வதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். ஒரு வாரத்தில் அவன் எத்தனை தடவை குதிக்கிறான்? மைதானத்துக்குப் போய் உட்கார்ந்து எண்ணிவிட்டு வாருங்கள். பி.டி. பீரியட், தெரு ஆட்டம் எல்லாம் சேர்த்து.

யாழ் தாமரை எழுதியது:

இடையில வாறதுக்கு மன்னிக்கோணும். எண்ட மகளுக்கு 10 வயசு. அவவுக்கு முட்டியில்லை, ரெண்டு குதிக்காலும் நோகுது. இல்ல விளையாட்டுப் போட்டி வருகுது, 100 மீற்றருக்கும் அஞ்சலோட்டத்துக்கும் வெறுங்காலோட பழகுறா. பின்னேரம் பரதநாட்டிய வகுப்பு, சீமெந்து நிலம். வகுப்பு முடிஞ்சு வரேக்க நுனிக்காலில நடந்து வாறா. வீங்கேல்லை, சிவக்கேல்லை. இதுவும் அதே சாதி வருத்தமோ?

இரவுப்பணி எழுதியது:

சகோதரி, எனக்கும் குதிகால் வலி இருந்தது. காலையில் முதல் அடி வைக்கும்போது உயிர் போகும். உள்ளங்கால் சவ்வு வீக்கம் என்றார்கள். ஊசி ஒன்று போட்டார்கள், சரியாகிவிட்டது. பெண்ணுக்கும் கேட்டுப் பாருங்கள்.

பிசியோ தென்காசி எழுதியது:

இரவுப்பணி, உங்களுக்கு வந்தது பெரியவர்களின் நோய், பாதத்தின் அடிப்பக்கம். பத்து வயதுப் பிள்ளையின் குதிகாலில் வருவது வேறு. ஸ்டீராய்டு ஊசியைத் தயவுசெய்து அந்தக் குழந்தைக்கு யோசிக்க வேண்டாம், முட்டிப் பையனுக்கும் வேண்டாம். தசைநார் பலவீனப்படும், மேல்தோலும் மெலிந்து நிறம் மாறலாம்.

தாமரை அக்கா, நீங்கள் கேட்டது சரி, அதே குடும்பம்தான். கெண்டைக்கால் தசையின் நார் குதிகால் எலும்பின் பின்பக்கத்தில் பிடிக்கும் இடம். மேலிருந்து அது இழுக்கிறது, கீழிருந்து தரை இடிக்கிறது. 1912ல் செவர் என்பவர் எழுதியது. குதிகாலில் இது முட்டியை விட இளம் வயதில், எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் அதிகம். இரண்டு காலிலும் வருவது சகஜம்.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். குதிகாலின் பின்பகுதியை உள்ளங்கையால் இருபக்கமும் பிடித்து, எலுமிச்சை பிழியும் அளவுக்கு மெதுவாக அழுத்துங்கள். அடியில் அழுத்தவே வேண்டாம். அந்த இருபக்க அழுத்தத்தில் "ஆ, அதுதான்" என்றால் பெரும்பாலும் இதுதான். எக்ஸ்ரே தேவைப்படாது.

வலையோரம் எழுதியது:

எண்ணிவிட்டேன். காலை பள்ளிப் பயிற்சி ஐந்து நாள், தினம் 60 குதி சுமார். மாலை கிளப் நான்கு நாள், அடித்து அடித்துப் பழகுவதால் 100க்குக் குறையாது. ஞாயிறு மேட்ச் 120. கூட்டினால் வாரம் 820. பி.டி. பீரியடில் ஓட்டம் தனி. பள்ளி கோச்சுக்குக் கிளப்பில் இத்தனை என்று தெரியாது, கிளப்காரருக்குப் பள்ளியில் இத்தனை என்று தெரியாது. வலது கைக்காரன், அடித்துவிட்டு பெரும்பாலும் இடது காலில் மட்டும்தான் இறங்குகிறான். இதையும் இப்போதுதான் கவனித்தேன்.

பிசியோ தென்காசி எழுதியது:

அருமை. அந்த 820தான் நோயின் பாதி விவரம். ஒற்றைக்காலில் இறங்குவது மீதிப் பாதி.

முழு ஓய்வு ஏன் வேண்டாம் என்று சொல்கிறேன். மூன்று மாதம் உட்கார்ந்தால் வலி போகும், தொடைத் தசையும் கரையும். பிறகு திரும்பிய முதல் வாரமே பழைய 820. அந்த மெலிந்த தொடையோடு. வலி திரும்ப வந்து நிற்கிறது, "குணமாகாத நோய்" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் பார்க்கும் பிள்ளைகளில் அதிகம் பேர் இந்தச் சுற்றில் சிக்கியவர்கள்.

முதல் நான்கு வாரம் அட்டாக் குதி பூஜ்யம். பிளாக் இல்லை, வேக ஓட்டம் இல்லை. நின்றபடி சர்வீஸ், நின்றபடி செட், கையில் பந்து வாங்குவது, இவை இருக்கட்டும். சைக்கிள், நீச்சல் வலிக்காவிட்டால் தாராளமாக. வலியை அவனே பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எண் சொல்லட்டும். இரண்டு வரை பரவாயில்லை, தொடரலாம். மூன்றிலிருந்து ஐந்து என்றால் அந்த வேலையைக் குறைக்கணும். அதற்கு மேல் அன்றைக்கு நிறுத்தம். இதை விட முக்கியம் மறுநாள் காலை: ஒரே படியில் நின்று வலிக்கும் காலால் மெதுவாக ஒரு முறை இறங்கிப் பார்க்கட்டும். நேற்றைய எண்ணை விடக் கூடியிருந்தால் நேற்று செய்தது அதிகம்.

உடற்பயிற்சி தினமும் ஒன்று. உட்கார்ந்து காலை நீட்டி, முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கி 30 நொடி பிடிக்கணும், பத்து முறை. முட்டி மடங்காததால் மேட்டின் மேல் இழுப்பு குறைவு, தசை தேயாமலும் இருக்கும். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் பயிற்சியும் சேர்க்கலாம். ஐந்தாவது வாரத்திலிருந்து சுவரில் சாய்ந்து கொஞ்சமாக உட்காருவது, பிறகு முழு உட்காருதல், பிறகு ஒரு கால் முன்வைத்துத் தாழ்வது.

குதி திரும்புவது அதற்கும் பிறகு. உட்கார்ந்து எழுவதில் வலி இரண்டுக்குள் நின்றால் வாரம் மூன்று நாள், நாளுக்கு 20 குதி, இரண்டு காலிலும் இறங்கி, முட்டியை மடக்கி, சத்தமில்லாமல். நடுவில் ஒரு நாள் இடைவெளி கட்டாயம். வாரம் 60ல் தொடங்குவது சரியாக நின்றால் அடுத்த வாரம் 80, 100 என்று ஏறட்டும். பன்னிரண்டு வாரத்தில் 300 வந்தால் நல்ல வேகம். 820ஐப் பள்ளியும் கிளப்பும் பேசி நிரந்தரமாகவே குறைக்கணும் என்பது என் அபிப்பிராயம்.

டென்மார்க்கில் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள் 51 பேரை இந்த முறையில் 12 வாரம் நடத்தி, 2020ல் வெளியிட்டார்கள். 12 வாரத்தில் பத்தில் எட்டு பேர் நல்ல முன்னேற்றம் என்றார்கள். ஆனால் அந்த நேரத்தில் பழைய விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 16 சதவீதம்தான். ஒரு வருடத்தில் 69. ஐந்து வாரத்து மண்டலப் போட்டிக்கு இதை வைத்துப் பதில் யோசியுங்கள்.

கபடி மாஸ்டர் எழுதியது:

பெல்ட்டைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே? என் பசங்க அதப் போட்டுதான் ஆடறாங்க. ஸ்ட்ரெச்சும் வேண்டாமா?

பிசியோ தென்காசி எழுதியது:

பெல்ட் சிலருக்கு வலியைக் குறைக்கிறது, போடலாம். போட்டதும் வலி மறைந்து 820 குதித்தால் அது கெடுதல். ஸ்ட்ரெச் விஷயத்தில் பிசியோக்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. பின்தொடை, கெண்டைக்கால் இவற்றை எப்போதும் நீட்டலாம். முன்தொடையைக் குதிகால் பிட்டத்தில் படும்வரை மடக்குவது அந்த மேட்டையே இழுப்பது, வலிக்கும் நாட்களில் நான் தொடமாட்டேன். வலி அடங்கிய பிறகு, மெதுவாக. "வலிச்சாலும் விடாதே" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள் மாஸ்டர்.

எலும்பு மருத்துவர் மதுரை எழுதியது:

மேலே சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. கூட ஒரு விஷயம் மட்டும், ஏனென்றால் இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது எல்லா முட்டி வலியையும் இதுவே என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

தூக்கத்தை எழுப்பும் வலி, காய்ச்சல், மெலிவு, விளையாடாத நாளிலும் அதே வலி, முட்டி மூட்டுக்குள்ளேயே நீர் கோர்த்த வீக்கம், இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளின் எலும்புப் புற்று அதிகம் வரும் இடமும் முட்டியைச் சுற்றித்தான், அதனால்தான் இதைச் சொல்கிறேன். அரிது, ஆனால் தவறவிடக்கூடாதது. காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருந்தால் வாதச் சோதனை. முட்டி வலி என்று வரும் பையனை மல்லாந்து படுக்கவைத்து இடுப்பை உள்பக்கம் திருப்பிப் பார்க்கணும். அது திரும்பவில்லையென்றால் நோய் இடுப்பில், முட்டியில் இல்லை. இதை ஒவ்வொரு தடவையும் செய்கிறேன்.

இன்னொன்று வலையோரத்துக்கு. குதிக்கும்போது "டப்" என்று சத்தம் கேட்டு, உடனே வீங்கி, காலை நேராகத் தூக்க முடியாமல் போனால், அந்த மேடு பெயர்ந்திருக்கலாம். உங்கள் பையன் வயதிலிருந்து 16 வரைக்கும், குதிக்கும் ஆட்டங்களில். அது மாதக்கணக்கான வலி அல்ல, ஒரு நொடியில் நடப்பது. அன்றே மருத்துவமனை. காலில் ரத்த ஓட்டம் தடைப்படும் ஆபத்து உண்டு.

பழைய தடகளம் எழுதியது:

எனக்கு 41 வயது. இரண்டு முட்டியிலும் அந்தப் புடைப்பு இன்னும் இருக்கிறது. பதினைந்து வயதில் வலி போனது, புடைப்பு போகவில்லை. ஓடுவேன், கிரிக்கெட் ஆடுவேன், ஒன்றும் இல்லை. தரையில் மண்டி போடும்போது மட்டும் கீழே தலையணை வேண்டும். புடைப்பு கரையணும் என்று காத்திருந்தால் பையன் ஏமாந்துபோவான், இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

கபடி மாஸ்டர் எழுதியது:

அப்ப இவருக்குப் போன மாதிரி எல்லாருக்கும் வலி போயிடும், அதுவும் சரிதானே? தானா சரியாகிற வியாதிக்கு இவ்வளவு கணக்கு எதுக்கு?

எலும்பு மருத்துவர் மதுரை எழுதியது:

தானாகப் போகும் என்றுதான் நாங்களும் கற்றோம். அந்த மேடு முழு எலும்பாக மூடும்போது, பையன்களுக்கு 15 முதல் 17க்குள், இழுப்பு வலி அடங்கவேண்டும். ஆனால் டென்மார்க்கில் நோய் கண்டு ஏறத்தாழ நான்கு வருடம் கழித்துக் கேட்டபோது 43 பேரில் பாதிக்கு மேல் இன்னும் வலி என்றார்கள். சிறிய கூட்டம், மருத்துவமனைக்கு வருமளவு வலித்தவர்கள், அதனால் எல்லோருக்கும் பொருத்த முடியாது. இருந்தாலும் "ஒன்றுமில்லை, ஆடு" என்பதற்கும் இனி எனக்குத் தைரியம் இல்லை.

யாழ் தாமரை எழுதியது:

அழுத்திப் பாத்தன். ரெண்டு பக்கமும் பிடிக்கக் கத்திட்டா. அடியில அழுத்த ஒண்டும் சொல்லேல்லை. இரவு நோ இல்லை, காலமை ரெண்டு மூண்டு அடி நொண்டிப்போட்டுச் சரியா நடக்கிறா. ஓட்டத்தையும் ஆட்டத்தையும் ரெண்டையும் நிப்பாட்டுறதோ? மிஸ்ஸிட்ட என்ன சொல்லுறது?

பிசியோ தென்காசி எழுதியது:

இரண்டையும் நிறுத்த வேண்டாம். எதில் குதிகால் இடிபடுகிறதோ அதை மட்டும்.

ஆட்ட வகுப்பில் அரைமண்டி, கை முத்திரை, அபிநயம், தாளம் எல்லாம் செய்யட்டும். தட்டடவைத் தட்டாமல், பாதத்தை மெல்ல வைத்துத் தாளத்தைக் கையால் போடட்டும். குதித்து மெட்டு அடவை முழுக்க நிறுத்துங்கள், நுனிக்காலில் எழும்பிக் குதிகாலால் இறங்கும் அதுதான் இந்த இடத்துக்கு மிக மோசமானது. சீமெந்தின் மேல் இரண்டு பாய் விரித்தால் கொஞ்சம் உதவும்.

ஓட்டத்தில் வெறுங்காலை விடுங்கள். ஷூவுக்குள் குதிகாலுக்கு மட்டும் ஒரு சென்டிமீட்டர் உயரத் துண்டு, இரண்டு காலிலும், மருந்துக்கடையில் கிடைக்கும் சிலிக்கான் குதிகால் மெத்தை. குதிகால் உயர்ந்தால் கெண்டைக்கால் நார் தளரும். அடிப்பாகம் தட்டையான ஸ்பைக் ஷூ இப்போது வேண்டாம். வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு. விளையாடிய பிறகு துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம். ஓட்டத்தில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள், 100 மீட்டரோ அஞ்சலோ, பயிற்சி ஒருநாள் விட்டு ஒருநாள்.

இதில் நேர்மையாக ஒன்று. நெதர்லாந்தில் சும்மா விளையாட்டைக் குறைத்துக் காத்திருத்தல், குதிகால் உயர்த்துதல், கெண்டைக்கால் பயிற்சி என்று மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் மூன்றும் தேறின, பெரிய வேறுபாடு இல்லை. அதனால் ஷூவுக்குள் வைக்கும் விலை உயர்ந்த அச்சுத்தட்டு செய்யச் சொன்னால் அவசரப்படாதீர்கள்.

யாழ் தாமரை எழுதியது:

நன்றி தம்பி. மிஸ்ஸிட்டக் கதைச்சன், கையால தாளம் போடலாம் எண்டு சொல்லிட்டா. ஓட்டத்துக்கு 100 மீற்றர் மட்டும்.

வலையோரம் எழுதியது:

பள்ளி கோச்சிடமும் கிளப்பிலும் பேசினேன். 820 என்ற எண்ணைச் சொன்னதும் இருவருமே அமைதியாகிவிட்டார்கள். மண்டலப் போட்டிக்கு அவனை லிபரோவாக இறக்கலாமா என்று கேட்கிறார்கள், லிபரோ அடிக்கக் குதிக்கவே மாட்டானே என்கிறார்கள்.

பிசியோ தென்காசி எழுதியது:

லிபரோ வேண்டாம். குதிக்கமாட்டான், ஆனால் பந்தை எடுக்க முட்டி மேல் விழுவான், அந்த மேட்டின் மேலேயே நேரடியாக அடி. போட்டி நடக்கும் ஐந்தாவது வாரத்தில் காலைப் படி சோதனை இரண்டுக்குள் இருந்தால், நின்றபடி சர்வீஸ் போட மட்டும் மாற்று வீரராக இறக்கச் சொல்லுங்கள். நின்று செட் போடுவதும் முடியும். முன்வரிசைக்குச் சுற்றி வரும்போது வெளியே எடுத்துவிடணும், இல்லையென்றால் பிளாக்குக்குக் கை தானாகத் தூக்கும்.

எலும்பு மருத்துவர் மதுரை எழுதியது:

நான் இந்த வருடம் விட்டுவிடச் சொல்லுவேன். மேட்ச் சூட்டில் நின்று சர்வீஸ் போடும் 13 வயதுப் பையனை நான் பார்த்ததில்லை.

வலையோரம் எழுதியது:

பையனிடமே கேட்டேன். இறங்கினால் குதிக்காமல் இருக்க முடியுமா என்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சர்வீஸுக்கு முடியும், எதிரணி செட் தூக்கினால் முடியுமான்னு தெரியல" என்றான். நான்காவது வாரம் முடிந்ததும் படி சோதனை எண்ணோடு வருகிறேன்.